செயலி விளக்கத்தின் முதல் இரண்டு வரிகள்: நான்கு தொடக்கங்களில் எதை வைப்பது?

தையல் கடைகளுக்காக ஒரு செயலி செய்திருக்கும் வாசகர் ஒருவர், பிளே ஸ்டோர் பக்கத்தில் வைப்பதற்காக நான்கு விதமான தொடக்கங்களை எழுதி அனுப்பி, எதை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார். செயலி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வாடிக்கையாளரின் அளவை எழுதி வைக்கலாம். டெலிவரி தேதியையும், அட்வான்ஸ் போக எவ்வளவு பாக்கி என்பதையும் குறிக்கலாம். கொடுத்த துணியைப் படம் எடுத்து அதே பக்கத்தில் சேர்க்கலாம். நெட் இல்லாமலும் வேலை செய்யும். கடையில் இருக்கும் நீளமான அளவு நோட்டையும், துணியின் ஓரத்தை வெட்டி ஸ்டேப்ளர் அடித்து வைத்த ரசீதுப் புத்தகத்தையும் போனுக்குள் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

அவர் அனுப்பிய நான்கும் இவை:

1. தையல் கடைக்கான அளவு நோட்டு. அளவு, டெலிவரி தேதி, பாக்கி ஒரே இடத்தில்.
2. அளவு நோட்டைத் தேடித் தேடி அலுத்துவிட்டீர்களா? தீபாவளி நெருக்கடியில் துணி மாறிவிட்டதா?
3. வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் போன வருட அளவு வரும். நோட்டைத் தேட வேண்டாம்.
4. தமிழ்நாட்டின் தையல்காரர்கள் நம்பும் செயலி. எளிது, வேகம், பாதுகாப்பு.

முதலாவது பொருளைச் சொல்கிறது, இரண்டாவது சிக்கலைச் சொல்கிறது, மூன்றாவது பலனைச் சொல்கிறது, நான்காவது பெருமையைச் சொல்கிறது. எந்தச் செயலிக்கு எழுதினாலும் பெரும்பாலும் இந்த நான்கு வழிகளில் ஒன்றில்தான் போய் நிற்போம். ஆகவே தையல் கடையை வைத்தே நான்கையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

## அந்த இரண்டு வரிகள் திரையில் எங்கே இருக்கின்றன?

பிளே ஸ்டோரில் ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்தால் ஐகான், பெயர், நட்சத்திர மதிப்பீடு, எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்ற எண், நிறுவும் பொத்தான், ஸ்கிரீன்ஷாட்டுகள் என்ற வரிசையில் பார்க்கிறார். அதற்குக் கீழே `About this app` என்ற தலைப்பின் அடியில் தெரிவது நீங்கள் எழுதிய குறுவிளக்கம். பிளே கன்சோலில் அதற்கான கட்டத்தின் பெயர் `Short description`. அதிகபட்சம் 80 எழுத்துகள். 4,000 எழுத்து வரை எழுதலாம் என்று கன்சோல் தரும் முழுவிளக்கம், அந்தத் தலைப்பைத் தட்டிய பிறகே திறக்கும். தட்டாமல் போகிறவர்களுக்கு அந்த 80 எழுத்துதான் உங்கள் விளக்கம் முழுவதும்.

பலரும் முழுவிளக்கத்தை எழுதி முடித்துவிட்டு, அதன் முதல் வாக்கியத்தை வெட்டிக் குறுவிளக்கக் கட்டத்தில் ஒட்டிவிடுகிறார்கள். எழுத வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. கன்சோல் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல, யூனிகோட் குறியீடுகளை. மெய்யெழுத்தின் புள்ளி தனியாக ஒன்று, உயிர்க்குறி தனியாக ஒன்று.

```python
>>> len("நோட்டு")
6
```

நம் கணக்கில் நோ, ட், டு என்று மூன்று எழுத்து. கட்டத்தின் கணக்கில் ஆறு. மேலே உள்ள முதல் தொடக்கத்தில் தமிழ் எழுத்துகள் 33தான். இடைவெளிகளையும் நிறுத்தக்குறிகளையும் சேர்த்துக் கட்டம் காட்டுவது 68. எனவே 80 என்பதை, இடைவெளிகளையும் நிறுத்தக்குறிகளையும் சேர்த்தே ஏறக்குறைய 55 என்று மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய குறுவிளக்கத்தை அப்படியே தமிழாக்கினால் ஏன் கட்டத்துக்குள் அடங்குவதில்லை என்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் நான்கு அளவுகோல்களைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, யாருக்கு, என்ன வேலைக்கு என்பது ஒரே வாசிப்பில் தெரிகிறதா? இது தேறாவிட்டால் மற்ற மூன்றையும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவது, அந்த 80க்குள் எவ்வளவு இடத்தைத் தின்கிறது? மூன்றாவது, தேடுகிறவர் தட்டும் சொல் அதில் இருக்கிறதா? பிளே ஸ்டோரின் தேடல் பெயரையும் விளக்கங்களையும் படிக்கிறது. ஆகவே குறுவிளக்கத்தில் "தையல்" என்ற சொல் இருப்பதற்கும் இல்லாததற்கும் வேறுபாடு உண்டு. நான்காவது, சொன்னது முதல் நாளே உண்மையாகிறதா? நிறுவியவர் செயலியைத் திறந்ததும் இரண்டு வரியில் படித்தது கண்ணில் படாவிட்டால், அன்று மாலையே நீக்கிவிடுவார். சிலர் ஒற்றை நட்சத்திரம் வைத்துவிட்டு நீக்குவார்கள். மறைமுகச் செலவு பெரும்பாலும் ஒளிந்திருப்பது இந்த நான்காவதில்தான்.

## பொருளைச் சொல்லித் தொடங்குவது

"தையல் கடைக்கான அளவு நோட்டு." நான்கே சொற்கள். யாருக்கு என்பது முடிந்தது, என்ன என்பதும் முடிந்தது. "அளவு நோட்டு" என்பது தையல் கடையில் நாள்தோறும் புழங்கும் சொல், விளக்கம் தேவையில்லை. "வாடிக்கையாளர் அளவீட்டு மேலாண்மைச் செயலி" என்று எழுதியிருந்தால் அதே பொருள்தான், ஆனால் கத்தரிக்கோல் பிடித்த கை அதைத் தன்னுடையது என்று நினைக்காது. தேடும் சொல்லும் உள்ளே இருக்கிறது. பட்டியலாக வரும் மூன்று வேலைகளும் செயலியைத் திறந்ததும் திரையில் இருக்கின்றன, ஏமாற்றம் இல்லை. 68 எழுத்து போக இன்னும் 12 மிச்சம்.

குறை என்னவென்றால், இதே செயலியைப் போல இன்னும் நான்கு இருந்தால் அவையும் இதையேதான் எழுதியிருக்கும். "ஒரே இடத்தில்" என்பது எந்தச் செயலிக்கும் ஒட்டும் சொற்றொடர். 12 குறியீடுகளை வாங்கிக்கொண்டு ஒன்றும் தருவதில்லை. பொருளைச் சொல்லும் தொடக்கத்தின் மறைமுகச் செலவு இது: சரியாக இருக்கிறது என்பதாலேயே எழுதியவர் நிறைவடைந்து, உங்களுடையதை ஏன் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்.

செயலி புதியது, பெயர் யாருக்கும் தெரியாது, பெயரைப் பார்த்து வேலையை ஊகிக்கவும் முடியாது என்றால் இதைவிடப் பாதுகாப்பான தொடக்கம் இல்லை. செயலியின் பெயரிலேயே வேலை தெரிகிறது என்றால் கதை வேறு. பெயருக்கு 30 எழுத்து கிடைக்கிறது. அங்கேயே "தையல் அளவு நோட்டு" என்று வைத்திருப்பவர் குறுவிளக்கத்திலும் அதையே திரும்பச் சொல்வது இருக்கும் இடத்தை வீணடிப்பதாகும்.

## சிக்கலைச் சொல்லித் தொடங்குவது

விளம்பரம் எழுதிப் பழகியவர்களுக்கு மிகவும் பிடித்தது இது. படிக்கிறவரின் வலியைத் தொட்டுவிட்டால் கை தானாகப் பொத்தானுக்குப் போகும் என்பது நம்பிக்கை. சுவரொட்டியிலும் ஃபேஸ்புக் விளம்பரத்திலும் அந்த நம்பிக்கைக்கு இடம் உண்டு, ஏனென்றால் அங்கே படிக்கிறவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை நிறுத்த வேண்டும். ஸ்டோர் பக்கத்துக்கு வந்தவர் ஏற்கெனவே நின்றுவிட்டவர். அவர் தேடி வந்திருக்கிறார். நோட்டைத் தேடி அலுத்தது அவருக்குத் தெரியும், அதனால்தான் வந்தார். தீர்வைக் கேட்டு வந்தவரிடம் "உங்களுக்குச் சிக்கலா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இடக் கணக்கைப் பாருங்கள். முதல் கேள்விக்கே 45 போய்விடுகிறது. இரண்டாவது கேள்வியையும் சேர்த்தால் 85, கட்டம் ஏற்றுக்கொள்ளாது. ஐந்து எழுத்தை எங்காவது குறைத்து உள்ளே தள்ளிவிட்டாலும், செயலி என்ன செய்யும் என்பது இன்னும் ஒரு சொல்கூடச் சொல்லப்படவில்லை. "தையல்" என்ற சொல்லும் இல்லை. அந்த வரிகளை மட்டும் ஒரு தையல் கடை அக்காவிடம் காட்டினேன். "துணி மாறாமல் இருக்க ஏதாவது ஸ்டிக்கர் விற்கிறார்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"-விட்டீர்களா" என்று முடியும் கேள்விகளில் இன்னொரு சங்கடம். பதில் "இல்லை" என்றால் படிக்கிறவர் அங்கேயே கழன்றுகொள்கிறார். நோட்டை ஒழுங்காக வைத்திருக்கும் கடைக்காரர்தான் உண்மையில் இந்தச் செயலியையும் ஒழுங்காகப் பயன்படுத்தக்கூடியவர். அவர் நோட்டைத் தேடுவதில்லை, துணியை மாற்றுவதில்லை. இந்தத் தொடக்கம் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

சிக்கலைச் சொல்வது வெல்லும் இடம் ஒன்று உண்டு. அப்படி ஒரு செயலி இருக்கக்கூடும் என்றே படிக்கிறவருக்குத் தெரியாதபோது. அதாவது அவர் தேடி வராமல், நீங்கள் விளம்பரம் கொடுத்து இழுத்து வந்திருக்கும்போது. பிளே கன்சோலில் `Custom store listings` என்ற வசதி உண்டு. விளம்பர இணைப்பின் வழியே வருகிறவர்களுக்கு மட்டும் தனிப் பக்கம் காட்டலாம். தீபாவளிக்கு முன் விளம்பரம் கொடுக்கிறீர்கள் என்றால் நெருக்கடியைப் பற்றிய வரியை அந்தப் பக்கத்தில் வையுங்கள். அப்போதும் கேள்வியாக வேண்டாம். "தீபாவளித் துணி எதுவும் மாறாது" என்று முடிவாகவே சொல்லிவிடலாம். இடமும் குறையும்.

## பலனைச் சொல்லித் தொடங்குவது

"வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் போன வருட அளவு வரும்." நான்கில் இதுதான் எனக்கு முதலில் பிடித்தது. அதில் ஒரு கை அசைவு இருக்கிறது, அதன் விளைவும் இருக்கிறது. படிக்கிறவர் தன் கடையில் நின்றபடியே அதைச் செய்து பார்த்துவிடுகிறார். போன வருடம் சுடிதார் தைத்தவர் இந்த வருடம் துணியை மட்டும் கொடுத்து அனுப்பி, "பழைய அளவிலேயே தைத்துவிடுங்கள்" என்று சொல்லும்போது நோட்டைப் புரட்டாத தையல்காரர் யார்? 75 எழுத்துக்குள் அடங்கியும் விடுகிறது.

ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறுகிறது. ஒன்று எளிதில் சரிசெய்யக்கூடியது: "தையல்" எங்குமே இல்லை. "போன வருட அளவு" என்பதைப் பால்காரரும் படிக்கலாம், தண்ணீர் லாரிக்காரரும் படிக்கலாம். எழுதியவர் தன் செயலிக்குள்ளேயே வாழ்வதால் அளவு என்றால் அவருக்கு உடல் அளவுதான்.

மற்றொன்று ஆழமானது. இன்று நிறுவியவர் பெயரைத் தட்டினால் போன வருட அளவு வருமா? வராது. செயலி காலியாக இருக்கிறது. 300 வாடிக்கையாளர்களின் அளவை அவர் முதலில் உள்ளே எழுத வேண்டும். ஒரு ரவிக்கைக்கே நீளம், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, தோள், கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து என்று எட்டு எண்கள் வரும். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 300 பேருக்குப் பத்து மணி நேரம். இரண்டு வரி கொடுத்த வாக்கு ஒரு வருடம் கழித்துத்தான் நிறைவேறும். பலனைச் சொல்லும் தொடக்கங்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம் இதுதான்: ஆறு மாதம் பயன்படுத்தியவருக்குக் கிடைக்கும் பலனை, இன்னும் நிறுவாதவருக்கு உடனே கிடைப்பதுபோல் எழுதிவிடுவது. உடற்பயிற்சிச் செயலிகளும், வீட்டு வரவு செலவுச் செயலிகளும், மொழி கற்றுத்தரும் செயலிகளும் இதில் அடிக்கடி சிக்குகின்றன.

ஆகவே பலனைச் சொல்வதென்றால், முதல் நாள் மாலைக்குள் கிடைக்கும் பலனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது பலனுக்கு முன் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். "ஒருமுறை எழுதினால்" என்ற இரண்டு சொற்கள் போதும். பழைய நோட்டை முழுவதும் ஏற்ற வேண்டியதில்லை, இனி வருகிறவர்களை எழுதிக்கொண்டே போனால் போதும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரே வேலையைச் செய்யும் செயலிக்கு, அதிலும் முடிவை உடனே காட்டும் செயலிக்கு, இதுதான் சிறந்த தொடக்கம். படத்திலிருந்து பின்னணியை நீக்குவது, பி.டி.எஃப். கோப்பைச் சுருக்குவது போன்றவற்றுக்கு வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

## பெருமையைச் சொல்லித் தொடங்குவது

இதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. "தையல்காரர்கள்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஹோட்டல்காரர்கள்" என்று போட்டுப் பாருங்கள். வரி அப்படியே நிற்கும். எளிது, வேகம், பாதுகாப்பு என்ற மூன்றையும் மறுக்கும் செயலி உலகத்தில் இல்லை.

நம்பிக்கைக்கு உண்மையான சான்று இருந்தால்? இருந்தாலும் அதன் இடம் இதுவல்ல. நட்சத்திர மதிப்பீடும் இறக்கியவர் எண்ணிக்கையும் அதே பக்கத்தின் தலையிலேயே, உங்கள் வரிகளுக்கு மேலே, நிற்கின்றன. எண்ணிக்கை பெரிது என்றால் படிக்கிறவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். சிறிது என்றால், 100+ என்று மேலே காட்டும் பக்கத்தில் "தமிழ்நாடே நம்பும்" என்று கீழே எழுதுவது நம் வாயாலேயே கெடுத்துக்கொள்வது. விதிகளும் இதற்குச் சாதகமாக இல்லை. "நம்பர் 1", "சிறந்தது" போன்றவற்றைச் செயலியின் பெயரிலும் ஐகானிலும் வைப்பதை 2021 முதல் கூகுள் தடுத்திருக்கிறது. குறுவிளக்கத்திலும் தவிர்க்கும்படி வழிகாட்டுகிறது. யார் சொன்னது என்று குறிப்பிடாத பயனர் பாராட்டுகளை விளக்கத்தில் போட விதிப்படி அனுமதியில்லை. விருது வாங்கியிருந்தால் அதை விளக்கத்தின் கடைசியில் வைக்கும்படி ஆப்பிளும் அறிவுரை சொல்கிறது.

பணம் அனுப்புவது, மருத்துவம், குழந்தைகள் என்று, நம்பிக்கை இல்லாமல் ஒருவர் கையே வைக்கமாட்டார் என்ற துறைகளில் இந்தத் தொடக்கத்துக்கு இடம் உண்டு. அங்கும் "பாதுகாப்பானது" என்பதைவிட, எந்த அமைப்பின் உரிமம் பெற்றது என்று சொல்வதே சான்று.

## நான்கும் பக்கத்தில் பக்கத்தில்

| தொடக்கம் | யாருக்கு, என்ன | பிடிக்கும் இடம் | தேடும் சொல் | மறைமுகச் செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|---|
| பொருள் | உடனே தெரியும் | 68 | இருக்கிறது | போட்டியாளர்களோடு கலந்துவிடும் | புதிய, பெயர் தெரியாத செயலி |
| சிக்கல் | தெரியாது | 85, அடங்காது | இல்லை | சிக்கல் இல்லாதவரைத் திருப்பி அனுப்பும் | விளம்பரம் வழியே வருகிறவர்களுக்கான தனிப் பக்கம் |
| பலன் | பாதி தெரியும் | 75 | இல்லை | முதல் நாளே கிடைக்காவிட்டால் நீக்கப்படும் | ஒரே வேலை, உடனடி முடிவு |
| பெருமை | பாதி தெரியும் | 68 | இருக்கிறது | மேலே உள்ள எண்ணோடு மோதும், விதிச் சிக்கல் | உரிமமும் சான்றும் தேவைப்படும் துறை |

## தையல் கடைக்கு எதை வைப்பது?

என் தேர்வு, முதலாவதின் முதல் பாதியும் திருத்திய மூன்றாவதும் சேர்ந்தது:

> தையல் கடையின் அளவு நோட்டு. ஒருமுறை எழுதினால் பெயரைத் தட்டியதும் அளவு வரும்.

கட்டத்தின் கணக்கில் 75. யாருக்கு, என்ன, செய்ய வேண்டியது எது, கிடைப்பது எது என்ற நான்கும் வந்துவிட்டன. டெலிவரி தேதியும் பாக்கியும் விடுபட்டுவிட்டன. வருத்தம்தான், ஆனால் அவற்றை ஸ்கிரீன்ஷாட்டுகள் சொல்லிக்கொள்ளும். இந்த வரிகளுக்கு மேலேயே அவை இருக்கின்றன. முதல் படத்தில் அளவு, இரண்டாவதில் தேதிவாரியான பட்டியல் என்று வைத்தால் போதும். எல்லா வசதியையும் 80க்குள் திணிக்க நினைக்கிறவர்கள் கடைசியில் காற்புள்ளிகளால் கோத்த ஒரு பட்டியலைத்தான் எழுதுகிறார்கள்.

"நெட் வேண்டாம்" என்பதையும் சேர்க்க ஆசைப்பட்டேன். 90 ஆகிவிடுகிறது. அதை முழுவிளக்கத்தின் முதல் இரண்டு வரிகளுக்குத் தள்ளலாம். அந்த வரிகளைப் படிக்கிறவர் குறுவிளக்கத்தைப் படித்து, இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளத் தட்டியவர். அவரிடம் அதையே மறுபடி சொல்லக் கூடாது. இந்த இடத்தில் அவர் மனத்தில் எழும் கேள்வி, "போன் தொலைந்தால் என் நோட்டும் போய்விடுமா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் இப்படி இருக்கலாம்:

> நெட் இல்லாவிட்டாலும் திறக்கும், எழுதலாம், தேடலாம். போன் தொலைந்தாலும் மாற்றினாலும், அதே கணக்கில் நுழைந்தால் எல்லா அளவுகளும் திரும்ப வரும்.

இந்த இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதுங்கள். வாசகரின் செயலியில் காப்புப்பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது தானாக நடப்பதில்லை. அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டும். அப்படியென்றால் ஒன்று, அதைத் தானாக நடக்கும்படி மாற்ற வேண்டும். அல்லது "காப்புப்பிரதியை இயக்கியிருந்தால்" என்று வரியில் சேர்க்க வேண்டும். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். இரண்டு வரியை எழுத உட்கார்ந்து செயலியில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிப்பது அடிக்கடி நடக்கும் காரியம்.

மொழியிலும் ஒரு பொறி இருக்கிறது. தமிழ் விளக்கம் தெரிவது, போனின் மொழியைத் தமிழாக வைத்திருப்பவர்களுக்கு. போன் ஆங்கிலத்தில் இருந்தால், அவர் திருப்பூரில் உட்கார்ந்திருந்தாலும் ஆங்கிலப் பக்கம்தான் வரும். தமிழ் பேசும் பலர் போனை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஆகவே ஆங்கிலக் குறுவிளக்கத்தையும் இதே கவனத்தோடு தனியாக எழுத வேண்டும். மறுபக்கம், ஆங்கிலத்தில் மட்டும் எழுதித் தமிழை விட்டுவிட்டால், தமிழ்ப் போன்காரருக்கு ஸ்டோர் தானாக மொழிபெயர்த்த வரிகளைக் காட்டக்கூடும். அந்தத் தமிழில் "அளவு நோட்டு" வராது.

## ஆப்பிள் பக்கம் என்றால்

ஐபோனுக்கும் அதே செயலி இருந்தால், பிளே ஸ்டோர் வரியை அப்படியே நகலெடுப்பது நல்லதல்ல. அங்கே குறுவிளக்கம் என்ற ஒன்றே இல்லை. பெயருக்குக் கீழே 30 எழுத்துத் துணைத்தலைப்பு. விளக்கத்தின் தொடக்க வரிகள் சில தெரியும். மீதி `more` என்பதைத் தட்டினால்தான். தேடல் பெயரையும் துணைத்தலைப்பையும் தனியான குறிச்சொல் கட்டத்தையும் பார்க்கிறது, விளக்கத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே "யாருக்கு, என்ன" என்பதைத் துணைத்தலைப்பில் முடித்துவிட்டு, விளக்கத்தின் முதல் வரியை முழுக்கப் பலனுக்கே கொடுக்கலாம்.

அங்கே தேர்வு வேறொன்று: விளம்பர உரையை நிரப்புவதா, காலியாக விடுவதா? `Promotional Text` என்ற அந்தக் கட்டத்துக்கு 170 எழுத்து. விளக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் செயலியின் புதிய பதிப்பை அனுப்பியாக வேண்டும். விளம்பர உரையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வசதியாகத் தோன்றும். ஆனால் அது விளக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. "புதிய பதிப்பில் அடர்நிறத் திரை" என்று அதில் எழுதிவிட்டு மறந்துபோனால், நீங்கள் பாடுபட்டு எழுதிய முதல் வரி கீழே இறங்கிவிடும். புதிதாக வருகிறவர் முதலில் படிப்பது அவருக்குச் சம்பந்தமே இல்லாத செய்தியாக இருக்கும். அதை மாதம் ஒருமுறையாவது பார்க்க ஆள் இல்லையென்றால் காலியாக விடுவதே மேல்.

## சோதித்துப் பார்ப்பதா, கேட்டுப் பார்ப்பதா?

பிளே கன்சோலில் `Store listing experiments` மூலம் இரண்டு குறுவிளக்கங்களை வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடலாம். ஆப்பிளின் சோதனை வசதி ஐகானுக்கும் படங்களுக்கும் முன்னோட்டக் காணொளிக்கும்தான். விளக்க உரைக்கு இல்லை.

சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை முன்பே கணக்கிட்டுவிடுங்கள். பக்கத்துக்கு வருகிறவர்களில் 25 சதவீதம் பேர் நிறுவுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய வரி அதை 28 ஆக்குகிறதா என்று ஓரளவு உறுதியாகத் தெரிய, வழக்கமான புள்ளியியல் கணக்குப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 3,500 பேர், மொத்தம் 7,000 பேர் வேண்டும். நாளுக்கு 40 பேர் வரும் சிறு செயலிக்கு அது ஆறு மாதம். அதற்குள் ஒரு தீபாவளி வந்துபோய், வருகிறவர்களின் இயல்பே மாறிவிடும். 25 சதவீதம் 35 ஆகிறதா என்று பார்ப்பதற்கு ஒவ்வொரு பக்கமும் 350 பேருக்குச் சற்றுக் குறைவாகவே போதும். மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். அதாவது சிறு செயலிகள் "எழுதினால்" என்பதையும் "பதிந்தால்" என்பதையும் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. பொருள் தொடக்கத்தையும் பலன் தொடக்கத்தையும் மோதவிட்டால்தான் ஏதாவது தெரியவரும். முடிவைப் பார்க்கும்போது நிறுவியவர் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், ஒரு நாளாவது வைத்திருந்தவர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். கன்சோல் அதைத் தனியாகக் காட்டுகிறது. மிகையான வாக்கு முதல் எண்ணை ஏற்றும், இரண்டாவதை இறக்கும்.

நாளுக்குப் பத்துப் பேர்தான் வருகிறார்கள் என்றால் சோதனையை விட்டுவிட்டு நேரே கடைகளுக்குப் போகலாம். ஐந்தாறு தையல்காரர்களிடம் போனில் அந்த இரண்டு வரிகளை மட்டும் காட்டுங்கள். ஐந்து விநாடியில் போனைத் திருப்பிக்கொண்டு, "இது எதற்கு, யாருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பதிலில் உங்கள் வரியில் இல்லாத ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தால், 80க்குள் அதற்கு இடம் தேடுங்கள். இரண்டு தொடக்கங்களும் சமமாகவே தேறினால் பொருளைச் சொல்வதையே வைத்துவிடுங்கள், தவறான ஆட்கள் நிறுவிவிட்டு "இது எதற்கு?" என்று கேட்டு எழுதும் மின்னஞ்சல்களாவது குறையும்.